மூன்று சீரில் நிற்கும் அடி

குறுந்தொகையின் 25ஆம் பாட்டைப் பதினோராம் வகுப்பில் நடத்தும்போது முதலில் நான் எதையும் சொல்வதில்லை. புலவர் பெயர், திணை, துறை, யார் கூற்று என்ற விவரங்கள் எல்லாம் பின்னால் வரட்டும் என்று ஒதுக்கி வைத்துவிடுவேன். கரும்பலகையில் பாட்டு மட்டும் இருக்கும்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

துறையை முதலிலேயே சொன்னால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் தெரியும். "தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட, தலைவி தோழியிடம் வருந்திச் சொன்னது" என்ற குறிப்பைக் கேட்டதும் பிள்ளைகள் பேனாவை எடுத்துவிடுவார்கள். பாட்டின் பொருள் கிடைத்துவிட்டது, இனி எழுதிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்ற எண்ணம் வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் பாட்டைக் கேட்பதில்லை. இந்தப் பாட்டோ, எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைக் கடைசிச் சீர்கள் வரை மறைத்துவைத்திருக்கிறது. யாரும் இல்லை என்கிறாள். எப்போது? ஒரு குருகு இருந்தது என்கிறாள். எதற்கு? "மணந்த ஞான்றே", அவன் என்னோடு கூடிய அந்த நாளில், என்ற விடை பாட்டு முடியும் இடத்தில்தான் வருகிறது. முன்கூட்டியே விடையைச் சொல்லிவிட்டால் அந்தக் காத்திருப்பு வகுப்புக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

ஆகவே முதலில் வாசிப்பு. ஒரு முறை நான் சீர் பிரித்து, அவசரப்படாமல் படிப்பேன். பிறகு அவர்கள் படிப்பார்கள். ஐந்தே அடிகள்தான். ஆனாலும் பொருள் தவறிப்போக இதில் இரண்டு இடங்கள் இருக்கின்றன; இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

முதல் இடம் முதல் அடியிலேயே இருக்கிறது. "யாரும் இல்லைத் தானே" என்று மூச்சு விடாமல் படித்துவிட்டுக் "கள்வன்" என்பதைத் தனியே விடுவார்கள். நாம் அன்றாடம் "யாரும் இல்லைதானே?" என்று கேட்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் நாக்கை இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் நிற்கும் ஒற்றான "த்" வேறு இரண்டு சொற்களையும் ஒட்டவைக்கிறது. இப்படித் தவறியவர்களைக் கண்டுபிடிப்பது எளிது: "தானே" என்ற இடத்தில் அவர்கள் குரல் மேலே ஏறும், கேள்வி கேட்பதுபோல. பாட்டில் அது கேள்வி இல்லை. யாரும் இல்லை, தானே கள்வன். அங்கே வேறு யாரும் இல்லை, இருந்தவன் அந்தக் கள்வன் ஒருவன்தான். "இல்லை" என்றதும் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் "தானே கள்வன்" என்பதைத் தாழ்ந்த குரலில் சேர்த்துச் சொன்னால், பெண்ணின் குரல் சட்டென்று வந்துவிடும்.

இரண்டாவது இடம் கடைசி அடி. "குருகும் உண்டுதான்" என்று படித்து நிறுத்துவார்கள். இன்றைய பேச்சில் "உண்டுதான்" என்றால் உறுதியாக உண்டு என்று பொருள். பாட்டில் அந்தத் "தான்" பின்னால் வரும் சொல்லோடு சேர வேண்டும்: குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே. தான் என்றால் அவன். இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. யாப்பின்படி "உண்டுதான்" ஒரே சீர். சீர் பிரித்துப் படித்தால் அது சேர்ந்துதான் ஒலிக்கும். பொருள் பிரித்துப் படித்தால் நடுவில் உடைந்துவிடும். இரண்டும் சரியான வாசிப்புகள்தாம். அதனால் வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்கிறேன். முதல் சுற்றில் சீருக்குச் சீர். அடுத்த சுற்றில் பொருளுக்கு நிறுத்தம். இந்த வேறுபாட்டைக் காதால் உணர்ந்த மாணவனுக்குப் பதம் பிரித்தல் இலக்கணப் பயிற்சியாக இல்லாமல், பாட்டுக்குள் போகும் வழியாகிவிடுகிறது.

இரண்டு இடங்களையும் சரிசெய்த பிறகு இன்னொன்று தானாகவே கேட்கும். முதல் இரண்டு அடிகளையும் தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். யாரும், தானே, தானது, யான். யா, தா; தா, யா. முதல் அடியில் "யா"வில் தொடங்கி அவனிடம் போகிறாள். அடுத்த அடியில் அவனிடமிருந்து தொடங்கித் தன்னிடம் திரும்புகிறாள். இரண்டு அடிகளிலும் வாய் அகலத் திறக்கும் நெடில்கள். புலம்பலுக்கு ஏற்ற ஒலி இது. மூன்றாம் அடியில் "சிறுபசுங்" என்று வந்ததும் குறில்கள் நெருங்கி வருகின்றன, வாய் சிறுக்கிறது. பறவையின் மெல்லிய கால்களைச் சொல்லும் இடம் அது.

தேர்வில் "நயம் பாராட்டுக" என்று கேட்டால் எதுகை, மோனை, இயைபு என்று தலைப்பிட்டு எடுத்துக்காட்டு எழுதப் பழக்கியிருக்கிறோம். இந்தப் பாட்டில் அடியெதுகை தேடுகிறவன் வெறுங்கையோடுதான் திரும்புவான். அதனால் பாட்டில் ஓசைநயம் இல்லை என்று ஆகிவிடாது. நாம் கொடுத்த தலைப்புகளுக்குள் அது அடங்கவில்லை, அவ்வளவுதான். காது கேட்டதை முதலில் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பெயர் இருந்தால் பிறகு தரலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அடிகளின் சீர்களை விரல்விட்டு எண்ணச் சொல்வேன். முதல் மூன்று அடிகளிலும் நான்கு நான்கு. நான்காவது அடியில் மூன்று: ஒழுகுநீர், ஆரல், பார்க்கும். ஐந்தாவதில் மறுபடி நான்கு. நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணமே இதுதான். ஈற்றயலடி முச்சீராக வரும். பிள்ளைகள் இதை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் அது காதில் என்ன செய்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று அடிகள் நான்கு சீர் நடையில் வந்து பழகிய காது நான்காம் அடியிலும் ஒரு சீரை எதிர்பார்க்கிறது. அது வரவில்லை. "பார்க்கும்" என்றதோடு அடி நின்றுவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் படிப்பவரின் மூச்சு நிற்கிறது.

அந்த இடத்தில் பாட்டுக்குள் என்ன நடக்கிறது? ஒரு பறவை ஓடும் நீரில் அசையாமல் நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடியும் நிற்கிறது, பறவையும் நிற்கிறது. பார்ப்பது யார் என்று அடுத்த அடியில்தான், "குருகும்" என்று தெரியவருகிறது. எல்லா நேரிசை ஆசிரியப்பாக்களிலும் ஈற்றயலடி குறுகும் என்பது விதி. அந்த விதி கட்டாயமாகத் தரும் நிறுத்தத்தில் எதைக் கொண்டுவந்து வைப்பது என்பது புலவரின் கை. கபிலர் அந்த இடத்தில் ஒரு பறவையின் பார்வையை வைத்திருக்கிறார்.

வாய்விட்டுப் படிக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் மட்டும் படித்தால் நான்காம் அடி கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, அவ்வளவே. வாய் படிக்கும்போதுதான் அது நிறுத்தமாகிறது. வாசிப்பை முடித்துவிட்டுத்தான் காட்சிக்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த ஓர் அடியே போதும்.

காட்சிக்குப் போகும்போது "இந்தப் பாட்டில் உள்ள உவமை என்ன?" என்று கேட்பதில்லை. கேட்டால் "தினைத்தாள் அன்ன, உவம உருபு அன்ன" என்று விடை வந்து பாடம் முடிந்துவிடும். அதற்குப் பதில் படம் வரையச் சொல்வேன். அழகாக வரைய வேண்டியதில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்தால் போதும். நீர், நீருக்குள் ஆரல், கரையோரம் குருகு, அவள், அவன். பிறகு ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் ஓர் அம்புக்குறி: யார் எதைப் பார்க்கிறார்கள்?

குருகின் அம்பு எளிது. அது ஆரலைப் பார்க்கிறது. இங்கே ஆரல் மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். ஆற்றுமீன் பழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்: பாம்புபோல ஒல்லியாக நீண்ட மீன், மூக்கு கூர்மையாக இருக்கும், மணலிலும் சேற்றிலும் உடலைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். நின்ற நீரிலேயே கண்ணில் படாத மீன் அது. பாட்டில் நீரோ ஒழுகுகிறது. ஓடும் நீரில், புதைந்து கிடக்கும் ஆரலைப் பிடிக்க நிற்கும் பறவை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்! ஏதோ ஒரு மீன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கவனத்தின் அளவு நமக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பறவைக்குக் கரையில் நடப்பது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

அவளுடைய அம்பு? இங்கேதான் வகுப்பு கொஞ்சம் யோசிக்கும். அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். இல்லாவிட்டால் கால்களின் நிறம்கூட நினைவில் இருக்காது. சிறிய, பசிய கால்கள், தினைத்தாள் போன்றவை. ஒரு பறவையை நினைவுகூரும்போது அலகையோ சிறகையோ சொல்லாமல் ஏன் காலைச் சொல்கிறாள்? ஒரு மாணவி ஒருமுறை, "அவள் குனிந்துகொண்டிருந்திருப்பாள் சார், அதனால்தான் காலைப் பார்த்தாள்" என்றாள். உரைகளில் இந்த விளக்கம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. பாட்டில் உள்ள சொல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். நாணத்தால் தாழ்ந்த கண்ணுக்கு நீர் மட்டத்தில் நிற்கும் பறவையின் கால்தான் முதலில் படும்.

உவமையை அந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். காலுக்குத் தினைத்தாளை ஒப்புச் சொல்கிறவள் யாராக இருக்க முடியும்? தினைப்புனத்தின் நடுவே வாழ்கிறவள். பாட்டில் அவள் பெயர் இல்லை, ஊர் இல்லை, மலை இல்லை. அவள் குறிஞ்சி நிலத்துப் பெண் என்பதற்குப் பாட்டுக்குள் இருக்கும் தெளிவான தடயம் இந்த ஒரு தினைத்தாள்தான். "உவமை பாட்டுக்கு அழகு சேர்க்கிறது" என்று விடைத்தாளில் எழுதுவதற்கும் "உவமை பேசுகிறவளைக் காட்டிக்கொடுக்கிறது" என்று எழுதுவதற்கும் நடுவே ஒரு வகுப்பளவு தூரம் இருக்கிறது. பசுங்கால் என்றவுடன் கிராமத்துப் பிள்ளைகள் மடையானைச் சொல்வார்கள். மங்கிய பச்சையோ மஞ்சளோ கலந்த கால்களோடு நீரோரம் கல்லைப்போல நிற்கும் பறவை. அதற்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர் உண்டு. பாட்டின் குருகு அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சங்கப் பாடல்களில் குருகு என்ற சொல் நீர்ப்பறவைகள் பலவற்றைக் குறிக்கிறது. ஆனாலும் இருந்த ஒரே சாட்சிக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் அது என்று கேட்டதும் வகுப்பில் எழும் சலசலப்பு எனக்குப் பிடிக்கும்.

அவனுடைய அம்பு மிச்சம். அதை வரைய முடியாது. அவன் எங்கே பார்த்தான், என்ன சொன்னான், எப்போது போனான் என்று பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. தானே, தானது, தான் என்று மூன்று முறை அவனைச் சுட்டுகிறாள். ஒரு முறை கள்வன் என்கிறாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு பறவையின் கால் நிறம் வரை சொன்னவள் அவன் முகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. படத்தில் அந்த இடம் காலியாக நிற்கும்போதுதான் பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள்.

பொருளுக்கு வர இப்போதுதான் நேரம். துறைக் குறிப்பைப் பலகையில் எழுதுவேன்: மணம் செய்துகொள்ளத் தலைவன் காலம் கடத்துகிறான், தலைவி தோழியிடம் சொல்கிறாள். இந்தக் குறிப்பு பாட்டின் பகுதி இல்லை, தொகுப்போடு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இதற்குள் பெரும்பாலானவர்கள் அதை ஊகித்திருப்பார்கள். குறிப்பு அவர்களுக்குச் சரிபார்ப்பாக மட்டும் அமையும்.

இரண்டாம் அடியில் ஒரு சொல்லை மட்டும் விளக்க வேண்டும். "யானெவன் செய்கோ" என்பதில் "எவன்" எந்த ஆண் என்ற பொருளில் வரவில்லை. நான் என்ன செய்வேன் என்பதுதான் பொருள். "பொய்ப்பின்" என்பதில் நின்று பேசலாம். அவன் பொய் சொல்லிவிட்டான் என்று அவள் சொல்லவில்லை. பொய்த்தால் என்கிறாள். இன்னும் நம்பிக்கை போகவில்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. "தலைவன் ஏமாற்றிவிட்டான்" என்று திரண்ட கருத்து எழுதுகிற மாணவன் இந்த "இன்" என்ற விகுதியைப் படிக்காமல் விட்டவன். அந்த ஒரு வாக்கியத்திலேயே அது தெரிந்துவிடும்.

பொய்ப்பது பற்றிய பயத்துக்குப் பின்னால் ஒரு சமூகமும் இருக்கிறது. தொல்காப்பியக் கற்பியலில் "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம்" என்று ஒரு நூற்பா உண்டு. பொய் சொல்வதும் தவறுவதும் வந்த பிறகு பெரியவர்கள் திருமணச் சடங்கை வகுத்தார்கள். சடங்கு என்றால் பலர் முன்னிலை, பலருடைய கண்கள். களவில் நடந்த கூடலுக்கு அந்தக் கண்கள் இல்லை. இந்த நூற்பாவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் "யாரும் இல்லை" என்ற தொடக்கம் தனிமையின் வருத்தத்தோடு சான்று இல்லாத நிலையின் ஆபத்தையும் சொல்வது புரியும். சாட்சி தேடி நினைவைத் துழாவுகிறாள். கிடைப்பது ஒரு குருகு. அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த குருகு.

இதற்கு மேல் ஒரு கேள்வி வகுப்பை இரண்டாகப் பிரிக்கும்: அந்தக் குருகு தலைவனைக் குறிக்கிறதா? குறிக்கிறது என்பவர்களுக்குச் சான்று இருக்கிறது. அதுவும் அவனைப்போலக் காத்திருந்து கவர்வது; கிடைத்ததும் பறந்துவிடுவது; கள்வன் என்ற சொல் இருவருக்கும் பொருந்துவது. இல்லை என்பவர்கள் "குருகும்" என்ற உம்மையைப் பிடித்துக்கொள்வார்கள். அவனைச் சொல்லிவிட்டு, கூடவே இதுவும் இருந்தது என்று எண்ணுகிறாள். ஆகவே அது வேறு, சாட்சிகளின் கணக்கில் வருவது. என் சாய்வு இரண்டாவது பக்கம். குருகை உடனே தலைவனாக்கிவிட்டால் அது பறவையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. நினைவில் தங்கிய கால்கள், ஓடும் நீர் எல்லாம் குறியீடாகக் காய்ந்துவிடுகின்றன. அவளுக்கு அது முதலில் அங்கே உண்மையாக நின்ற பறவை. முதல் பக்கத்தை ஆதரித்து எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் தருகிறேன், பாட்டின் சொல்லை மேற்கோள் காட்டியிருந்தால். "குருகு தலைவனுக்கு உள்ளுறை உவமம்" என்று ஒரே வரியில் முடித்தவர்களுக்குத் தருவதில்லை. "பறந்துவிடுவது" பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பக்கத்தாருக்குச் சிரமம்தான். பாட்டில் குருகு பறக்கவே இல்லை. பார்க்கும் நிலையிலேயே நிற்கிறது.

அடுத்த நாள் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை, தேவகுலத்தார் பாடியதை, எந்தக் குறிப்பும் இல்லாமல் கொடுத்துவிடுவேன்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

பொருள் சொல்ல வேண்டாம், படித்துக் காட்டினால் போதும் என்பதுதான் பயிற்சி. இதிலும் ஈற்றயலடியில் மூன்று சீர். இதிலும் எதைப் பற்றிய பேச்சு என்பது கடைசிச் சொல்லில், "நட்பே" என்று வருகிறது. பாட்டில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இரண்டாம் அடி "சாரல்" என்று முடிவதால், அடி முடிந்த இடத்தில் நிறுத்துகிறவர்கள் சாரல் நீரைவிட ஆழமானது என்று படித்துவிடுவார்கள். சாரல் அடுத்த அடிக்குச் சொந்தம்: மலைச்சாரலில் உள்ள, கரிய கொம்புகளை உடைய குறிஞ்சி. "ஆரளவின்றே" என்ற ஏகாரத்தில் நிறுத்தி, "சாரல்" என்பதைத் தாழ்ந்த குரலில் புதிதாகத் தொடங்கி, அடி முடிவைத் தாண்டிக் "கருங்கோல்" வரை மூச்சு விடாமல் போகிறவர்களிடம் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. மற்றவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: ஆழமாக இருப்பது எது? பெரும்பாலும் அவர்கள் பதில் சொல்வதற்கு முன் மறுபடியும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.